மேலிருந்து எடுத்த படத்தில் விலங்கை அடையாளம் காணுதல்: உடலும் நிழலும் ஒத்துப்போகாதபோது பிழையைக் கண்டுபிடிக்கும் வழி

ஆனைமலைப் பகுதியில் தேயிலைத் தோட்டமும் புல்வெளியும் சோலைக்காடும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும் ஒரு சரிவை ட்ரோன் மூலமாகவோ எதிர்மலையின் உச்சியிலிருந்தோ படம் எடுத்தால், அதில் தெரியக்கூடிய பெரிய விலங்குகள் ஐந்தாறு வகைக்குள் அடங்கிவிடும். காட்டுமாடு, கடமான், வரையாடு, யானை, காட்டுப்பன்றி ஆகியவற்றோடு, தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளிலிருந்து மேயவரும் பசுக்களும் அங்கே இருக்கும். தரையில் நின்று பார்த்தால் இவற்றில் எதையும் எதோடும் யாரும் குழப்பிக்கொள்வதில்லை. மேலிருந்து பார்க்கும்போது முகமும் காலும் மறைந்துபோய், முதுகும் கூட்டத்தின் அமைப்பும் நிழலும் மட்டுமே எஞ்சுவதால்தான் குழப்பம் பிறக்கிறது. இங்கே காட்டுமாடு என்று நான் எழுதுவது, அப்பகுதி மக்கள் பலர் காட்டெருமை என்று சொல்லும் அதே விலங்கையே.

ஒரு படத்தை முன்வைத்துத் தொடங்குகிறேன். ஜனவரி நடுவில் ஒருநாள் காலை 9 மணியளவில், ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேல் எல்லையில், உரிய அனுமதிகளைப் பெற்று எடுத்த ட்ரோன் படம் அது. தேயிலைக்கு மேலே உள்ள புல்சரிவில் 11 உருவங்கள் இருந்தன. அன்று அந்தப் பகுதியில் கொழுந்து பறிக்க ஆட்களை அனுப்பலாமா என்பதே தோட்டத்தாரின் கேள்வி. படத்தை முதலில் பார்த்த கண்காணி, "நிழலப் பாருங்க சார், ஆனைதான்" என்றார். உடலின் நீளத்தை அளந்த இன்னொருவர், இது வரையாட்டைவிடச் சற்றே பெரிய ஏதோ ஒன்று என்றார். இருவரும் அளவெடுத்தே பேசினார்கள், இருவரும் தவறினார்கள். தவறு எங்கே நுழைந்தது என்பதைக் கீழே உள்ள அறிகுறிகளின் வழியே பார்க்கலாம்.

அறிகுறி: கரும்புள்ளி விலங்கா, பாறையா என்று தெரியவில்லை

இந்தச் சரிவுகளில் புல்லிலிருந்து தலைநீட்டும் பாறைகள் ஏராளம். முதலில் புள்ளிக்கும் அதன் நிழலுக்கும் இடையே உள்ள தொடர்பைப் பாருங்கள். பாறை மண்ணில் புதைந்திருப்பதால், அதன் நிழல் அதன் அடியிலிருந்தே இடைவெளியின்றித் தொடங்கி, அடிப்பகுதியில் அகலமாகவும் நுனியில் குறுகலாகவும் இருக்கும். நிற்கும் விலங்குக்குக் கால்கள் உண்டு. ஆகவே சாய்ந்த வெயிலில் வயிற்றுக்குக் கீழே ஒளி புகுந்து, உடலுக்கும் உடலின் நிழலுக்கும் நடுவே வெளிச்சமான ஓர் இடைவெளி விழும். அந்த இடைவெளியைக் கடந்து செல்லும் மெல்லிய கோடுகளே கால்களின் நிழல்.

இந்தச் சோதனைக்கு ஓர் எல்லை உண்டு. படுத்து அசைபோடும் காட்டுமாடும், பாறைப்பலகையில் படுத்திருக்கும் வரையாடும் தம் நிழலோடு ஒட்டியே தெரியும். உயரமான புல்லும் அந்த இடைவெளியை விழுங்கிவிடும். அப்போது ஐந்து அல்லது பத்து நிமிட இடைவெளியில் எடுத்த இரண்டாவது படம்தான் உதவும். இடம் மாறாதது பாறை என்று உடனே முடிவுகட்டிவிடக் கூடாது. படுத்த விலங்கு அரைமணி நேரம்கூட அசையாது. ஆனால் அது தலையைத் திருப்பும், காதை ஆட்டும். அதனால் உருவத்தின் ஒரு முனை மட்டும் இரு படங்களிலும் சிறிது வேறுபடும். அந்த முனையே தலை. இந்தச் சிறு வேறுபாட்டைப் பார்க்க, கைப்பேசிச் செயலிகள் வழியே வந்த சுருங்கிய படம் போதாது. ட்ரோனின் நினைவக அட்டையில் உள்ள மூலக்கோப்பைக் கேட்டு வாங்குங்கள்.

அறிகுறி: உடலின் அளவு ஒரு விலங்கைச் சொல்கிறது, நிழலின் அளவு வேறொன்றைச் சொல்கிறது

நம் கைக்கு வரும் பிழைகளில் இதுவே மிகுதி. மிகவும் பயனுள்ளதும் இதுவே. உடலின் நீளமும் நிழலிலிருந்து கணக்கிட்ட உயரமும் வெவ்வேறு வழியில் கிடைக்கும் இரண்டு சாட்சிகள். இரண்டும் முரண்பட்டால் விலங்கைச் சந்தேகிக்க வேண்டாம். அளவுகோலையும் சரிவையும் சந்தேகியுங்கள்.

முதலில் அளவுகோல். படத்தில் ஒரு பிக்சல் தரையில் எவ்வளவு நீளத்தைக் குறிக்கிறது என்பதை இந்தச் சூத்திரம் தரும்:

```
GSD = (Sw × H) / (f × Iw)
```

இதில் `Sw` என்பது கேமராவின் உணரி அகலம், `f` லென்ஸின் குவியத்தூரம், `Iw` படத்தின் அகலம் பிக்சலில், `H` என்பது கேமராவுக்கும் விலங்கு நிற்கும் தரைக்கும் இடையே உள்ள செங்குத்து உயரம். நாங்கள் பயன்படுத்திய கேமராவின் உணரி 13.2 மி.மீ. அகலமும், லென்ஸ் 8.8 மி.மீ. குவியத்தூரமும், படம் 5472 பிக்சல் அகலமும் கொண்டவை. ட்ரோன் காட்டிய உயரம் 100 மீட்டர். இவற்றை வைத்துக் கணக்கிட்டால் ஒரு பிக்சல் 2.7 செ.மீ. வருகிறது. தலையிலிருந்து பின்பகுதி வரை 60 பிக்சல் இருந்த உருவம் 1.6 மீட்டர் நீளமுள்ளது என்று ஆகிறது. வரையாட்டைச் சற்றே தாண்டிய அந்த அளவு இப்படித்தான் வந்தது.

தவறு `H` என்னும் எழுத்தில் இருக்கிறது. பெரும்பாலான ட்ரோன்கள் திரையில் காட்டும் உயரம், அவை புறப்பட்ட இடத்திலிருந்து கணக்கிட்ட உயரமே ஆகும். நேர் கீழே உள்ள தரையிலிருந்து கணக்கிட்டதன்று. சமவெளியில் இரண்டும் ஒன்றுதான். மலைமுகட்டில் நின்று பறக்கவிட்டு, பள்ளத்தை நோக்கி நகர்த்தினால், திரையில் 100 மீட்டர் என்றே இருக்கும். தரையோ கீழே இறங்கிக்கொண்டே போகும். எங்கள் படத்தில் விலங்குகள் நின்ற இடம், புறப்பட்ட முகட்டைவிட 60 மீட்டர் தாழ்வாக இருந்தது. எனவே உண்மையான உயரம் 160 மீட்டர். ஒரு பிக்சல் 4.4 செ.மீ.; 60 பிக்சல் உருவத்தின் நீளம் 2.6 மீட்டர். ஒரே எண்ணைத் திருத்தியதும் வரையாடு படத்தைவிட்டு வெளியேறி, பெரிய மாட்டினம் உள்ளே வந்துவிட்டது.

இதைச் சரிபார்க்கத் தேயிலைத் தோட்டத்தில் ஓர் இயற்கையான அளவுகோல் இருக்கிறது. தேயிலை வரிசைகளுக்கு இடையே உள்ள தூரம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறினாலும், ஒரே பகுதிக்குள் சீராக இருக்கும். பல தோட்டங்களில் அது 1.2 மீட்டரை ஒட்டி அமையும். தோட்டத்தாரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டு, விலங்குகளுக்கு அருகிலுள்ள பத்து வரிசைகளைச் சேர்த்து அளந்து பாருங்கள். எங்கள் படத்தில் பத்து வரிசைகள் 270 பிக்சல் எடுத்தன. 4.4 செ.மீ. என்று கொண்டால் அது ஏறத்தாழ 12 மீட்டர், அதாவது வரிசைக்கு 1.2 மீட்டர், அந்தத் தோட்டத்தார் சொன்ன அளவும் அதுவே. 2.7 செ.மீ. என்று கொண்டிருந்தால் வரிசைக்கு 73 செ.மீ. மட்டுமே வந்திருக்கும். ஒரு வரிசையை மட்டும் அளந்தால் ஓரிரு பிக்சல் தவறுகூடப் பெரிதாகிவிடும் என்பதால்தான் பத்தைச் சேர்த்து அளக்கச் சொல்கிறேன்.

இனி நிழல். சமதளத்தில் நிழலின் நீளத்தைச் சூரியனின் ஏற்றக்கோணத்தின் டேன்ஜென்ட் மதிப்பால் பெருக்கினால் உயரம் கிடைக்கும். அந்த மதிப்பை அறிய இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, இடத்தையும் நாளையும் நேரத்தையும் கொடுத்து வானியல் கணிப்பானிடம் கேட்பது. இன்னொன்று, அதே வேளையில் சமதளத்தில் நின்ற ஒரு மனிதரின் நிழலை அளப்பது. நான் இரண்டாவதையே நம்புகிறேன். காரணம், ட்ரோனின் கடிகாரம் வேறொரு நாட்டின் நேரத்தில் இருந்தால் கணிப்பான் தரும் விடை முழுவதும் வீணாகிவிடும். சீன நேரத்தில் இருக்கும் கடிகாரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் முந்தியிருக்கும். எங்கள் ட்ரோனை இயக்கியவரின் உயரம் 1.7 மீட்டர். புறப்பட்ட சமதளத்தில் அவருடைய நிழல் 2.95 மீட்டர் இருந்தது. ஆகவே மதிப்பு 0.58; சூரியன் 30 பாகை உயரத்தில் இருந்தது. ஜனவரி நடுவில், ஆனைமலையின் அட்சரேகையில், காலை 9 மணிக்கு இருக்க வேண்டிய உயரமும் அதுவே.

படத்தில் ஒரு முதிர்ந்த விலங்கின் நிழல் 120 பிக்சல், அதாவது 5.3 மீட்டர். 0.58 ஆல் பெருக்கினால் 3 மீட்டருக்கு மேல் வருகிறது. நம் மலைகளில் 3 மீட்டர் உயரமுள்ள விலங்கு யானையைத் தவிர வேறில்லை. கண்காணி கணக்குப் போடாமலேயே கண்ணால் கண்டு சொன்னதும் இதைத்தான். ஆனால் அந்தச் சரிவு சமதளம் அன்று. ஜனவரிக் காலையில் சூரியன் தென்கிழக்கில் இருக்கும்; நிழல் வடமேற்கை நோக்கி விழும். விலங்குகள் நின்ற சரிவும் வடமேற்கை நோக்கியே இறங்கியது. நிழல் விழும் திசையில் தரை இறங்கிக்கொண்டே போனால், ஒளிக்கதிர் தரையைத் தொட வெகுதூரம் செல்ல வேண்டியிருக்கும். நிழலும் நீண்டுகொண்டே போகும். அதற்கான திருத்தம் எளிது:

```
h = d × (tan e − tan s)
```

`d` என்பது படத்தில் அளந்த நிழலின் நீளம், `e` சூரியனின் ஏற்றக்கோணம், `s` நிழல் விழும் திசையில் தரை இறங்கும் கோணம். தரை அந்தத் திசையில் ஏறினால் கழிப்பதற்குப் பதிலாகக் கூட்ட வேண்டும். `tan s` ஐ அறியக் கோணமானி வேண்டியதில்லை. சமவுயரக்கோட்டு வரைபடத்தில் எத்தனை மீட்டர் தூரத்துக்கு எத்தனை மீட்டர் இறங்குகிறது என்று பார்த்து வகுத்தால் போதும். எங்கள் சரிவு 220 மீட்டருக்கு 60 மீட்டர் இறங்கியது, மதிப்பு 0.27. எனவே 5.3 ஐ 0.31 ஆல் பெருக்க, உயரம் 1.64 மீட்டர் என்று கிடைத்தது.

2.6 மீட்டர் நீளமும் 1.64 மீட்டர் உயரமும் இப்போது ஒன்றோடொன்று பொருந்துகின்றன. நாட்டுப்பசுவும் கலப்பினப் பசுவும் தோளில் இந்த உயரத்தைத் தொடுவதில்லை. கடமானுக்கும் இது மிகுதி. காட்டுமாட்டுப் பசுவுக்குச் சரியான அளவு.

இந்த வழக்கிலிருந்து ஓர் எச்சரிக்கையைத் தனியே எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். பறந்த உயரத்தையும் திருத்தாமல், சரிவையும் திருத்தாமல் அதே நிழலைக் கணக்கிட்டால், 120 பிக்சலும் 2.7 செ.மீட்டரும் 0.58 உம் சேர்ந்து 1.9 மீட்டர் என்ற விடையைத் தரும். ஒரு பிழை அளவைக் குறைக்க, மற்றொன்று கூட்ட, முடிவு ஏதோ ஒரு பெரிய காளையின் உயரத்தைப் போலவே தோன்றும். நிழலை மட்டும் அளந்தவர் இதை ஏற்றுக்கொண்டு போய்விடுவார். அதே படத்தில் உடலின் நீளம் 1.6 மீட்டர் என்று வந்திருப்பதைப் பார்த்தால்தான் பிழை வெளிப்படும். தலையிலிருந்து பின்பகுதி வரையுள்ள நீளத்தைவிடத் தோளுயரம் மிகுதியாக உள்ள நாற்கால் விலங்கு நான் மேலே சொன்ன பட்டியலில் இல்லை. எப்போதும் இரண்டையும் அளந்து, பக்கத்தில் பக்கம் எழுதிவைத்துப் பார்ப்பது இதற்காகத்தான்.

படத்தின் ஓரத்தில் இருக்கும் விலங்கை இப்படி அளக்கத் தேர்ந்தெடுக்க வேண்டாம். கேமரா நேர்கீழே பார்த்தாலும் ஓரங்களில் விலங்கின் பக்கவாட்டும் சேர்ந்து தெரியும். நிழல் எங்கே தொடங்குகிறது என்பதும் பிசகும். நடுப்பகுதியில், நின்றுகொண்டிருக்கும், தனித்து நிழல் விழும் மூன்று விலங்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். எதிர்மலையிலிருந்து எடுத்த சாய்கோணப் படத்தில் இந்தச் சூத்திரங்கள் நேரடியாகப் பொருந்தமாட்டா. அங்கே அளவுகோல் சரிவின் அடிக்கும் உச்சிக்கும் இடையே மாறிக்கொண்டே இருக்கும். அதற்கு ஈடாகக் காலின் கீழ்ப்பகுதியில் காட்டுமாட்டுக்குரிய வெண்காலுறை போன்ற நிறம் தெரியும் வாய்ப்பு கிடைக்கும். அது தெரிந்துவிட்டால் வேறு அளவே தேவையில்லை.

அறிகுறி: முதுகில் வெளிறிய திட்டு தெரிகிறது

முதுகில் திட்டு தெரிந்தால் வரையாட்டுக் கிடா என்று சொல்லிவிடுவது பலருடைய வழக்கம். முதிர்ந்த வரையாட்டுக் கிடாவின் உடல் கரும்பழுப்பாகவும், முதுகின் பின்பாதி சேணம் போட்டதுபோல் வெள்ளிச்சாம்பல் நிறமாகவும் இருக்கும் என்பது உண்மைதான். பெட்டைகளும் இளங்கிடாக்களும் சாம்பல்பழுப்பாக, புல்லோடு புல்லாகக் கரைந்திருக்கும். ஆனால் காட்டுமாட்டின் குட்டையான மயிருள்ள பளபளப்பான தோல், காலை வெயிலில் வெள்ளையாக மின்னும். பசுவின் இயல்பான வெண்திட்டும் இதே இடத்தில் விழலாம். முதுகில் வந்து அமரும் உண்ணிக்கொக்கும் வெண்புள்ளியாகத் தெரியும். அடுத்த படத்தில் அந்தப் புள்ளி வேறு இடத்தில் இருக்கும் அல்லது மறைந்திருக்கும் என்பதால் அதைக் கண்டுகொள்வது எளிது.

மின்னலையும் நிறத்தையும் பிரிக்க எனக்குத் தெரிந்த உறுதியான வழி, வெவ்வேறு திசையை நோக்கி நிற்கும் மூன்று நான்கு விலங்குகளை ஒப்பிடுவது. விலங்கு எந்தப் பக்கம் தலைவைத்திருந்தாலும் வெளிறிய பகுதி எல்லாவற்றிலும் சூரியன் இருக்கும் பக்கமாகவே விழுந்தால், அது ஒளி. திசை மாறினாலும் வெளிறிய பகுதி எல்லாவற்றிலும் இடுப்புக்கு மேலேயே இருந்தால், அது தோலின் நிறம். ஒரே ஒரு விலங்குதான் இருக்கிறதென்றால், அது திரும்பும்வரை பொறுத்து இன்னொரு படம் எடுக்க வேண்டும்.

திட்டின் வடிவமும் இடமும் விலங்குக்கு விலங்கு மாறிக்கொண்டே போனால், அதுவே வீட்டுமாட்டின் அடையாளம். காட்டுவிலங்குக் கூட்டத்தில் ஒரே பாலும் ஒரே வயதும் உள்ளவை ஏறத்தாழ ஒரே நிறமாக இருக்கும். பதினொன்றில் ஒன்று கறுப்புவெள்ளை, இரண்டு செம்மண் நிறம், மற்றொன்று சாம்பல் என்று இருந்தால், அளவெடுக்கும் முன்பே பசுக்கூட்டம் என்று எழுதிவிடலாம். காட்டுமாட்டுக் கூட்டத்தில் தெரியும் நிற வேறுபாட்டுக்கு ஓர் ஒழுங்கு உண்டு: முதிர்ந்த காளை ஏறத்தாழக் கறுப்பு, பசுக்கள் கரும்பழுப்பு, மிக இளைய கன்றுகள் பொன்பழுப்பு. எங்கள் படத்தில் ஒன்பது கரியவையும் இரண்டு பொன்பழுப்பு நிறமுடைய சிறியவையும் இருந்தன; திட்டு எதிலும் இல்லை.

நிறம் ஒன்றும் சொல்லாதபோது முதுகின் மேடு சொல்லும். காட்டுமாட்டின் தோளிலிருந்து தொடங்கும் மேடு முதுகின் நடுவரை நீண்டு, அங்கே திடீரென்று இறங்கிவிடும். சாய்ந்த வெயிலில் அந்த மேட்டின் ஒரு பக்கம் ஒளிர்ந்தும் மறுபக்கம் இருண்டும், உடலின் முன்பாதியில் மட்டும் ஒரு நேர்க்கோட்டுப் பிரிவு தெரியும். நாட்டுமாட்டின் திமில் தோளுக்கு மேல் ஒரே குவியலாக, மேலிருந்து பார்க்க வட்டமாக இருக்கும். நிழலில் அது ஒரு குமிழாக விழும். கலப்பினப் பசுவின் முதுகில் இரண்டும் இருக்காது. இந்த வேறுபாட்டைக் காணப் பிக்சல் 3 செ.மீட்டருக்குள் இருப்பது நல்லது. எங்கள் படத்தின் 4.4 செ.மீட்டரில் உடலில் அது மங்கலாகவே இருந்தது. நீண்டு விழுந்த நிழலின் விளிம்பில்தான் மேடும் இறக்கமும் தெளிவாகத் தெரிந்தன. சரிவு நீட்டிவிட்ட நிழல் உயரக்கணக்கைக் கெடுத்தாலும் உருவத்தின் விளிம்பைப் பெரிதாக்கிக் காட்டியது என்பதையும் சொல்ல வேண்டும்.

அறிகுறி: தேயிலைக்குள் நிற்கும் விலங்கின் நிழல் மிகவும் குறுகியிருக்கிறது

புல்வெளியில் காட்டுமாடாகத் தெரிந்த விலங்கு, தேயிலைக்குள் இறங்கியதும் காட்டுப்பன்றி அளவுக்குச் சுருங்கிவிட்டதாகச் சிலர் சொல்வதுண்டு. தேயிலைச் செடிகளின் மேல்பரப்பு பறிப்புக்காகச் சமமாக வெட்டப்பட்டிருப்பதால், அது தரையிலிருந்து முக்கால் மீட்டரோ அதற்கு மேலோ உயர்ந்த ஒரு பச்சைத் தளமாக இருக்கும். விலங்கின் நிழல் மண்ணில் விழுவதில்லை; அந்தப் பச்சைத் தளத்தின்மேல் விழுகிறது. எனவே நிழல் சொல்வது, தேயிலைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முதுகின் உயரத்தை மட்டுமே. அதோடு செடியின் உயரத்தைக் கூட்ட வேண்டும்.

சமதளத் தேயிலையில், சூரியன் 30 பாகையில் இருக்கும்போது நிழல் 1.4 மீட்டர் என்றால், மேலே நீண்டிருப்பது 0.8 மீட்டர். செடியின் உயரம் 0.85 மீட்டர் என்றால் விலங்கின் உயரம் 1.65 மீட்டர். இங்கே கணக்கு முழுவதும் செடியின் உயரத்தைச் சார்ந்திருப்பதால், கவாத்துச் செய்து எவ்வளவு காலம் ஆயிற்று என்று தோட்டத்தில் கேட்பது அவசியம். அண்மையில் கவாத்துச் செய்த பகுதியில் செடிகள் முழங்கால் அளவே இருக்கும். தளமே இல்லாததால் நிழல் மண்ணில் உடைந்து விழும், அளக்க உதவாது. காட்டுப்பன்றி தேயிலைத் தளத்துக்கு மேலே தெரிவதே அரிது. தளத்துக்கு மேல் ஒரு முதுகு தெளிவாகத் தெரிகிறது என்றால், அதைப் பன்றி என்று எழுதத் தயங்குங்கள்.

அறிகுறி: நிழலே இல்லை

மேகமூட்டமான நாளில் இதற்கு மருந்தில்லை. வெயில் இருந்தும் நிழல் இல்லையென்றால் நேரத்தைப் பாருங்கள். ஆனைமலையின் அட்சரேகையில் ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நண்பகல் சூரியன் உச்சந்தலைக்கு நேர்மேலே வந்துவிடும். நிழல் விலங்கின் வயிற்றுக்குக் கீழேயே ஒளிந்துகொள்ளும். அந்த மாதங்களில் காலை 9 மணிக்குள்ளோ பிற்பகல் 4 மணிக்குப் பின்போ எடுத்த படத்தையே கேளுங்கள். இந்த விலங்குகள் மேய்ச்சலுக்கு வெளியே வருவதும் பெரும்பாலும் அந்த வேளைகளில்தான்.

அறிகுறி: கூட்டத்தின் வடிவம் குழப்புகிறது, எண்ணிக்கையும் மாறிக்கொண்டிருக்கிறது

கூட்டத்தின் வடிவத்தை நான் கடைசியாக வைப்பதற்குக் காரணம், அது விலங்கின் வகையை மட்டுமின்றி அந்த நேரத்தில் அதன் மனநிலையையும் சேர்த்தே காட்டுகிறது என்பதே. அமைதியாக மேயும் காட்டுமாடுகள் தளர்வாகப் பரவி, ஒவ்வொன்றும் வெவ்வேறு பக்கம் தலைவைத்திருக்கும். இடம்பெயரும்போது தடத்தில் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்லும். வரையாடுகள் புல்லில் பரவியிருந்தாலும், பாறைச்செங்குத்தைவிட்டு வெகுதூரம் போகமாட்டா. கூட்டத்தின் ஒரு பக்கமாவது பாறை விளிம்பை ஒட்டியிருக்கும். கடமான் தனியாகவோ இரண்டு மூன்றாகவோ சோலையின் ஓரத்தில் நிற்கும். யானைக் கூட்டம் நெருங்கியே இருக்கும். குட்டிகள் பெரியவற்றின் நடுவிலும் அடியிலும் செல்வதால், மேலிருந்து எண்ணுபவருக்குப் பெரும்பாலும் குறைவாகவே கிடைக்கும். முளையடித்துக் கட்டிய பசுவைச் சுற்றிலும் கயிற்றின் நீளத்துக்குப் புல் வட்டமாகத் தேய்ந்திருக்கும்; அந்த வட்டம் தெரிந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டியதில்லை.

எல்லா விலங்குகளும் ஒரே திசையில் தலையைத் திருப்பியிருந்தால், அல்லது பரவியிருந்த கூட்டம் அடுத்த படத்தில் நெருங்கிக் குவிந்திருந்தால், அதைக் கூட்டத்தின் இயல்பான வடிவம் என்று பதிவுசெய்யாதீர்கள். ட்ரோனின் ஓசை அவற்றை எட்டிவிட்டது என்பதே அதன் பொருள். உடனே ட்ரோனை உயர்த்தி, பக்கவாட்டில் விலக்கி, திரும்ப அழைத்துக்கொள்ள வேண்டும். வரையாடுகள் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் மிகுதியாகக் குட்டி ஈனும். அக்காலத்தில் பாறைச்செங்குத்தின் பக்கம் ட்ரோனைக் கொண்டுபோவதே தவறு. மிரண்டு ஓடும் தாயின் பின்னால் சில நாள் வயதுள்ள குட்டி அந்தச் சரிவில் ஓட வேண்டியிருக்கும். அங்கே எதிர்மலையிலிருந்து தொலைநோக்கு லென்ஸில் எடுப்பது மட்டுமே ஏற்கத்தக்கது.

எண்ணிக்கை மாறுவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. பல படங்களை ஒட்டித் தைத்த வரைபடத்தில் எண்ணினால், படத்துக்குப் படம் நகர்ந்த விலங்கு இருமுறை விழும், அல்லது பாதி உடலாக வெட்டுப்பட்டு நிற்கும். தைத்த வரைபடம் இடத்தைக் காட்டவே உதவும். எண்ணுவதற்கு மூலப்படங்களுக்குத் திரும்புங்கள். மற்றொரு காரணம், உடல்களை மட்டும் எண்ணி நிழல்களை எண்ணாமல் விடுவது. இரண்டையும் தனித்தனியே எண்ணி, ஒவ்வோர் உடலையும் அதன் நிழலோடு கோடிட்டு இணைத்துப் பாருங்கள்.

எங்கள் படத்தில் 11 உடல்களைக் குறித்த பிறகு நிழல்களை எண்ணினேன். ஒரு பசுவின் நிழலில், வயிற்றுக்குக் கீழே ஒளி புகுந்திருக்க வேண்டிய இடைவெளி இருண்டு கிடந்தது. அதிலிருந்து கீழ்நோக்கி நான்குக்குப் பதில் ஏழு கால்கோடுகள் இறங்கின. முதலில் அதைப் பாறையின் நிழல் என்றே நினைத்தேன். நான்கு விநாடி கழித்து எடுத்த அடுத்த படத்தில் பசு ஓரடி முன்னே நகர்ந்திருந்தது. அதன் பின்பகுதிக்கு அடியிலிருந்து பொன்பழுப்பு நிறத்தில் 12 பிக்சல் அளவுக்கு ஏதோ ஒன்று வெளியே நீண்டிருந்தது. பால் குடித்துக்கொண்டிருந்த கன்று அது. மூன்று கன்றுகளோடு 12 காட்டுமாடுகள் என்று எழுதிக்கொடுத்தோம். அன்று அந்தப் பகுதிக்கு ஆட்களை அனுப்பாமல், கீழ்ப்பகுதியில் கொழுந்து பறிக்கச் சொன்னார்கள்.